இலை போடாத பந்தி

கேள்வி: வட ஐரோப்பாவில் லோகி, கிரேக்கத்தில் ஹெர்மீஸ், ஆப்பிரிக்காவில் அனான்சி, அமெரிக்கப் பழங்குடிகளிடம் காக்கையும் நரி போன்ற கொயோட்டியும். ஒருவரையொருவர் பார்த்தே இராத மக்களின் புராணங்களில் எல்லாம் இந்த ஏமாற்றுக்காரப் பாத்திரம் எப்படி வருகிறது? கதையில் அவனுக்கு என்னதான் வேலை?

பிறந்த அன்றைக்கே 50 மாடுகளைத் திருடிய ஒரு குழந்தையிலிருந்து தொடங்குகிறேன். ஹோமர் பெயரில் வழங்கும் கிரேக்கத் துதிப்பாடல்களில் ஒன்று ஹெர்மீஸைப் பற்றியது. ஏறத்தாழ 580 அடிகள். கி.மு. 6ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று பலரும் கணிக்கிறார்கள். எத்தன் கதை எப்படி இயங்குகிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் இதில் திருட்டும் உண்டு, பிடிபட்ட பிறகு நடக்கும் பேரமும் உண்டு.

கதை தொடங்கும்போது உலகத்தில் எல்லாம் பங்கிட்டு முடிந்துவிட்டது. ஜீயஸ் மேலே அரசன். அப்பொல்லோவுக்கு வில் உண்டு, குறிசொல்லும் கோயில் உண்டு, மந்தை உண்டு. ஒவ்வொரு கடவுளுக்கும் ஒரு துறை, ஒரு காணிக்கை. இந்த நேரத்தில் ஒரு மலைக்குகையில் ஹெர்மீஸ் பிறக்கிறான். தாய் மையா ஒரு வனதேவதை. மனைவி ஹீரா தூங்கிய பிறகு ஜீயஸ் இரவில் வந்து போகும் இடம் அது. ஆக, அப்பன் பெரிய இடம்தான், ஆனால் பிள்ளைக்குப் பந்தியில் இலை போடவில்லை. எத்தன்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் கதைக்குள் நுழைகிறார்கள். உறவு உண்டு, உரிமை இல்லை.

விடியலில் பிறந்த குழந்தை தொட்டிலை விட்டு இறங்கி வாசலுக்கு வருகிறது. வாசற்படியில் ஓர் ஆமை. அதைப் பார்த்துச் சிரித்து, நல்ல சகுனம் என்று கொஞ்சி, உள்ளே தூக்கிப்போய்க் கொன்று, ஓட்டைக் காலிசெய்து, நாணல் தண்டுகளைப் பொருத்தி, மேலே மாட்டுத்தோலை இழுத்துக் கட்டி, ஆட்டுக்குடலில் 7 நரம்பு பூட்டுகிறது. உலகத்தின் முதல் யாழ் தயார். நண்பகலில் அதை மீட்டிப் பாடுகிறது. என்ன பாட்டு? தன் அப்பாவும் அம்மாவும் காதலித்த கதை. தான் பிறந்த வீட்டின் பெருமையைத் தானே பாடிக்கொள்கிறது, வேறு யாரும் பாடப்போவதில்லை என்பதால்.

பாடிக்கொண்டிருக்கும்போதே அதற்கு இறைச்சி மேல் ஆசை வந்துவிடுகிறது. மாலையில் கிளம்பி, அப்பொல்லோவின் மேய்ச்சல் நிலத்துக்குப் போய், மந்தையிலிருந்து 50 மாடுகளைப் பிரித்து, அவற்றைப் பின்புறமாக நடக்கவைத்து ஓட்டுகிறது. தடத்தைப் பார்த்தால் மாடுகள் மேய்ச்சல் நிலத்துக்குள் போனது போலத்தான் இருக்கும். தன் காலடி தெரியாமல் இருக்கச் சுள்ளிகளையும் இலைகளையும் பின்னி ஒரு விநோதமான செருப்பு. வழியில் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு கிழவன் பார்த்துவிடுகிறான். ‘பார்த்ததைப் பார்க்காதவனாக இரு, கேட்டதைக் கேட்காதவனாக இரு’ என்று அவனிடம் சொல்லிவிட்டு மேலே போகிறது.

ஆற்றங்கரையில் கட்டையைக் கடைந்து தீ மூட்டி, இரண்டு மாடுகளை அடித்து, இறைச்சியைச் சுட்டு, சரியாக 12 பங்காக வைக்கிறது. பன்னிரண்டு கடவுளர்க்குப் பன்னிரண்டு பங்கு. அதில் ஒன்று தன்னுடையது என்று பலரும் வாசிக்கிறார்கள், நானும் அப்படித்தான். மணம் மூக்கைத் துளைக்கிறது, பசி வாட்டுகிறது, ஆனால் வாயில் வைக்கவில்லை. இறைச்சியைத் தின்பவன் மனிதன். புகையையும் மணத்தையும் ஏற்றுக்கொள்பவன் கடவுள். அந்த ஓர் இடத்தில் வாயைக் கட்டியதால்தான் அவன் மாட்டுத் திருடன் என்ற நிலையிலிருந்து தெய்வம் என்ற நிலைக்கு ஏறுகிறான். பசிக்காகத் திருடியவன் பசியை அடக்கும் இந்த இடத்தைப் பலர் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். எனக்குக் கதையின் முடிச்சே இதுதான்.

பிறகு சாவித்துவாரத்தின் வழியே பனிமூட்டம் போல வீட்டுக்குள் நுழைந்து தொட்டிலில் படுத்துக்கொள்கிறது. தாய்க்குத் தெரியாமல் இருக்குமா? திட்டுகிறாள். அதற்கு வரும் பதில் ஒரு நாள் குழந்தையின் பதில் இல்லை. காணிக்கையும் இல்லாமல் வழிபாடும் இல்லாமல் இந்த இருட்டுக் குகையில் நாம் ஏன் கிடக்க வேண்டும், அப்பொல்லோவுக்கு உள்ள மரியாதை எனக்கும் வேண்டும், அப்பா தராவிட்டால் திருடர்களுக்குத் தலைவனாகி நானே எடுத்துக்கொள்வேன் என்கிறது.

அப்பொல்லோ தேடி வருகிறான். ‘நான் நேற்றுப் பிறந்தவன், என் பாதம் எவ்வளவு மென்மை பார், எனக்குத் தூக்கமும் தாய்ப்பாலும்தான் தெரியும், மாடு என்றால் என்ன?’ என்கிறது குழந்தை. தூக்கினால், காற்றைப் பிரித்துவிட்டுத் தும்முகிறது. அப்பொல்லோ கீழே போட்டுவிடுகிறான். வழக்கு ஜீயஸ் முன்னால் போகிறது. அங்கே குழந்தை சொல்லும் வாக்குமூலத்தைக் கவனியுங்கள்: ‘மாடுகளை நான் வீட்டுக்கு ஓட்டிப் போகவில்லை. வாசற்படியைத் தாண்டவில்லை.’ இரண்டும் பொய் இல்லை. மாடுகள் ஆற்றங்கரையில் இருந்தன, வீட்டில் இல்லை. இவன் நுழைந்தது சாவித்துவாரத்தில், படியைத் தாண்டி அல்ல. ஜீயஸ் வாய்விட்டுச் சிரித்துவிடுகிறான்.

இத்தோடு தண்டனை கொடுத்து முடித்திருந்தால் இது வெறும் திருட்டுக் கதை. ஆனால் மாடுகளை மீட்கப் போன இடத்தில் ஹெர்மீஸ் யாழை எடுத்து மீட்டுகிறான். இந்தத் தடவை பாட்டு மாறுகிறது. கடவுளர் ஒவ்வொருவரும் எப்படிப் பிறந்து தத்தம் பங்கைப் பெற்றார்கள் என்ற வரலாறு. நண்பகலில் அப்பா அம்மாவைப் பாடியவன் மாலைத் திருட்டுக்குப் பிறகு உலகத்தின் பங்கீட்டையே பாடுகிறான். அப்பொல்லோ மயங்கிப்போய், இது 50 மாட்டுக்குச் சமம் என்கிறான். யாழ் அப்பொல்லோவுக்கு, மந்தை ஹெர்மீஸுக்கு என்று பண்டமாற்று முடிகிறது. கடைசியில் இறந்தோர் உலகத்துக்குப் போய்வரும் தூதன் என்ற பொறுப்பும் ஹெர்மீஸுக்கே வருகிறது. வாசற்படியைச் சுற்றியே கதை நடந்தது அல்லவா, கிரேக்கர்கள் வீட்டு வாசலிலும் தெருமுனையிலும் நிறுத்திய கல்தூண்களில் இருந்ததும் இவன் தலைதான்.

ஆக அவன் வேலை என்ன என்று கேட்டால், பூட்டிக் கிடப்பதைத் திறப்பது. எல்லாவற்றுக்கும் உரியவர் இருக்கிறார், யாரும் எதையும் கைமாற்ற மாட்டார் என்ற நிலையில் கதை நகராது. யாழும் பிறக்காது. முறைப்படி வாங்க வழியில்லாத ஒருவன், முறையை உடைக்காமல் வளைத்து, அந்தப் பூட்டைக் கழற்றுகிறான். உடைப்பவன் அசுரன், அவனை வதம் செய்துவிடலாம். இவன் வளைப்பவன் என்பதால் என்ன செய்வதென்று சபைக்குத் தெரியவில்லை. சிரிக்கிறது, அல்லது வேலை கொடுக்கிறது.

இதை இன்னும் பச்சையாகப் பார்க்க வேண்டுமானால் வட அமெரிக்காவின் வடமேற்குக் கடற்கரைக்குப் போகலாம். அங்குள்ள டிலிங்கிட் மக்களின் கதைகளில் எத்தன் ஓர் அண்டங்காக்கை. அந்தக் காலத்தில் நல்ல தண்ணீர் எல்லாம் ஒருவன் கையில். கடற்பறவையான பெட்ரெல்தான் அவன். ஊற்றுக்கு மூடி போட்டு அதன் பக்கத்திலேயே படுத்துக் காவல் காக்கிறான். காக்கை விருந்தாளியாக வந்து, அவன் அசந்து தூங்கும்போது நாய்ப்பீயை எடுத்து அவனுக்கு அடியில் வைத்து, ‘ஐயோ, படுக்கையிலேயே போய்விட்டீரே’ என்று எழுப்புகிறது. அவன் வெட்கப்பட்டு வெளியே ஓடியதும் மூடியைத் திறந்து வயிறுமுட்டக் குடித்துவிட்டுப் பறக்கிறது. புகைபோக்கியில் மாட்டிக்கொள்ள, பெட்ரெல் கீழே தீயை மூட்டுகிறான். அதுவரை வெள்ளையாக இருந்த காக்கை அன்றைக்குக் கறுத்தது. தப்பிப் பறக்கும்போது வாயிலிருந்து சிந்திய தண்ணீர்தான் அந்தக் கரையின் ஆறுகள்.

ஒருவர் கையில் அடைபட்ட தண்ணீர், அதைக் கவிழ்க்க வரும் காக்கை, ஆறு பிறப்பது. இதைப் படித்ததும் உங்களுக்கும் ஏதோ நினைவுக்கு வந்திருக்குமே. அகத்தியர் கமண்டலத்தில் காவிரி அடைபட்டிருக்கிறது. பிள்ளையார் காக்கையாக வந்து தட்டிவிடுகிறார். காவிரி விரிந்து ஓடுகிறது. சினத்தோடு அகத்தியர் துரத்த, காக்கை சிறுவனாகிறது. அவர் குட்டக் கையை ஓங்குகிறார். இந்தக் கதையை நான் சிறுவயதில் கேட்டபோது குட்டு ஏன் கதைக்குள் வருகிறது என்று புரியவில்லை. டிலிங்கிட் காக்கையைப் படித்த பிறகு புரிந்தது. திறந்துவிட்டவன் தன் உடம்பில் ஒரு விலை கொடுக்க வேண்டும், அல்லது விலை கேட்டு யாராவது துரத்தவாவது வேண்டும். திருச்சியில் 400-க்கு மேற்பட்ட படிகள் ஏறிப் போனால் இருக்கும் உச்சிப்பிள்ளையாரின் கதையும் இதேதான். அரங்கன் சிலையைத் தரையில் வைக்காமல் இலங்கைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது விபீஷணனுக்கு விதித்த நிபந்தனை. ஆற்றங்கரையில் ஒரு சிறுவனிடம் கொஞ்ச நேரம் பிடிக்கச் சொல்கிறான். சிறுவன் கீழே வைத்துவிட்டு மலைமேல் ஓடுகிறான், விபீஷணன் துரத்திப்போய் நெற்றியில் குட்டுகிறான், அரங்கன் காவிரிக்கரையிலேயே தங்கிவிடுகிறார்.

நம்மூரில் எத்தன் என்றதும் எல்லோரும் நாரதரைத்தான் கைகாட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாரதர் பழத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பவர். அவருக்குப் பசியும் இல்லை, அடியும் விழாது. அந்த ஞானப்பழக் கதையிலும் எத்தன் வேலையைச் செய்பவர் பிள்ளையார்தான். ‘உலகத்தை யார் முதலில் சுற்றி வருகிறார்களோ’ என்பது போட்டி. உலகம் என்ற சொல்லுக்குத் தாய் தந்தை என்று பொருள் வைத்து மூன்றடி நடந்து பழத்தை வாங்கிக்கொள்கிறார். முருகன் விதிப்படி ஓடினார், பிள்ளையார் விதியின் சொல்லைத் திருப்பினார். அவரை எத்தன் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு, அவர் பொய் சொல்வதில்லை, பேராசைப்படுவதில்லை. ஆனால் அவர் நிற்கும் இடமும் செய்யும் வேலையும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதில் தயக்கம் இல்லை. தாய் குளிக்கும்போது வாசற்படியில் நின்று தலையை இழந்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சொல்லைத் திருப்புவதில் கெட்டிக்காரன் என்றால் வட ஐரோப்பாவின் லோகி. ஐஸ்லாந்தில் 13ஆம் நூற்றாண்டில் ஸ்னோரி என்பவர் எழுதிவைத்ததால் இவன் கதைகள் நமக்குத் தெரிகின்றன. இடிக்கடவுள் தோரின் மனைவி சிஃப்பின் பொன்முடியை லோகி விளையாட்டுக்குச் சிரைத்துவிடுகிறான். தோர் எலும்பை நொறுக்க வரவும், ஓடிப்போய்க் குள்ளர்களிடம் உண்மையான பொன்னில் வளரும் முடி செய்து வாங்குகிறான். கூடவே கடவுளரின் தலைவன் ஓடினுக்கு ஒரு ஈட்டியும், மடித்து வைக்கக்கூடிய ஒரு கப்பலும். அத்தோடு நிற்கலாம். நிற்க மாட்டான். புரொக் என்ற இன்னொரு குள்ளனிடம் ‘உன் தம்பியால் இதைப் போல மூன்று பொருள் செய்ய முடியாது, என் தலையைப் பந்தயம் வைக்கிறேன்’ என்கிறான். வேலை நடக்கும்போது ஓர் ஈ வந்து துருத்தி ஊதுபவனை மூன்று தடவை கடிக்கிறது. மூன்றாவது கடியில் கண் இமையிலிருந்து ரத்தம் வழிய, அவன் ஒரு நொடி கையை எடுத்துவிடுகிறான். அதனால்தான் தோரின் சுத்தியலுக்குப் பிடி குட்டை. அப்படியும் கடவுளர் அதைத்தான் சிறந்தது என்கிறார்கள். லோகி தோற்றான். தலையை வெட்ட வந்த புரொக்கிடம் சொல்கிறான்: ‘தலை உனது, எடுத்துக்கொள். கழுத்து எனது, அதைத் தொடக்கூடாது.’ சபை ஒப்புக்கொள்கிறது. ஆத்திரத்தில் புரொக் குத்தூசியால் அவன் உதட்டைத் துளைத்துத் தைத்துவிட்டுப் போகிறான்.

கடவுளரின் கையில் உள்ள நல்ல பொருள் எல்லாம் லோகியின் வம்பிலிருந்து வந்தவை என்பது இந்தக் கதையின் சூட்சுமம். அவனில்லாமல் தோருக்குச் சுத்தியல் இல்லை. ஆனாலும் ஹெர்மீஸுக்குக் கிடைத்தது இவனுக்குக் கிடைக்கவில்லை. அவன் அரக்கன் மகன், ஓடினுக்குச் சகோதரச் சத்தியம் செய்துகொண்டவன். சபையில் உட்காருவான், ஆனால் அவனுக்கென்று எந்தத் துறையும் இல்லை, வழிபாடு நடந்ததற்குத் தடயமும் இல்லை. வேலை வாங்கிக்கொள்கிறார்கள், பங்கு தருவதில்லை. அதன் பிறகு அவன் விளையாட்டு முற்றுகிறது. எல்லோருக்கும் பிரியமான பால்டருக்குத் தீங்கு செய்யமாட்டோம் என்று எல்லாப் பொருளிடமும் சத்தியம் வாங்கியவர்கள் ஒரே ஒரு செடியை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று மோப்பம் பிடித்து, அதைப் பால்டரின் குருட்டுச் சகோதரன் கையில் கொடுத்து எறியவைத்துக் கொல்கிறான். பிறகு ஓடி ஒளிந்து, பகலில் மீனாக ஆற்றில் திரிகிறான். என்னை எப்படிப் பிடிப்பார்கள் என்று யோசித்துத் தானே நூலால் ஒரு வலை பின்னிப் பார்க்கிறான். ஆள் வரும் சத்தம் கேட்டதும் அதைத் தீயில் போடுகிறான். வந்தவர்கள் சாம்பலில் கிடந்த பின்னலைப் பார்த்து அதே போல வலை செய்து அவனைப் பிடிக்கிறார்கள். பாறையில் கட்டி, மேலே பாம்பைத் தொங்கவிட்டு வைத்திருக்கிறார்கள். கட்டு அறுந்தால் உலகம் முடியும். எத்தனுக்குப் பங்கு கொடுத்த ஊரில் அவன் தூதன் ஆனான், கொடுக்காத ஊரில் கட்டு அறுக்கக் காத்திருக்கும் எதிரி ஆனான் என்று நான் இந்த இரண்டு கதைகளையும் ஒன்றன்பக்கம் ஒன்றாக வைத்துப் படிக்கிறேன். ஸ்னோரி கிறிஸ்தவர் என்பதையும் மறக்கக்கூடாது. லோகியின் மேல் சாத்தானின் நிழல் கொஞ்சம் விழுந்திருக்கக்கூடும்.

இனி உங்கள் முதல் கேள்வி, இத்தனை ஊரில் எப்படி வந்தான். சில இடங்களில் விடை எளிது: மனிதர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் அசாந்தி மக்களுடைய சிலந்தி அனான்சி, அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டவர்களின் நாவில் கடல் தாண்டி ஜமைக்காவுக்குப் போனது. அங்கே பலம் இல்லாதவன் பலசாலியை வாயால் வெல்லும் கதைக்குத் தேவை கூடுதலாகவே இருந்தது. ஆனால் டிலிங்கிட் காக்கையும் அகத்தியரிடம் வந்த காக்கையும் கப்பலில் சந்தித்துக்கொள்ளவில்லை.

மனத்தின் ஆழத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஓர் எத்தன் உருவம் இருக்கிறது என்றார் உளவியலாளர் யுங். அது எதையும் விளக்கும், அதனாலேயே எதையும் விளக்குவதில்லை என்பது என் கட்சி. மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ் 1955-இல் சொன்னது எனக்கு இன்னும் உபயோகமாகப்படுகிறது. காக்கையும் கொயோட்டியும் ஏன் எத்தன் ஆகின்றன என்று அவர் கேட்டார். புல் தின்னும் பிராணி கொல்லாது. வேட்டைப் பிராணி கொன்று தின்னும். செத்ததைத் தின்பவை நடுவில் நிற்கின்றன, இறைச்சி தின்னும் ஆனால் கொல்வதில்லை. இரண்டு பக்கமும் சேராத பிராணி இரண்டு பக்கமும் போய்வரும். நல்ல கவனிப்புதான். ஆனால் சிலந்தியையும் முயலையும் இதில் அடைக்க முடியாது. சிலந்தி வலை பின்னிப் பிடிப்பது. முயலோ எல்லோருக்கும் இரை, ஓட்டத்தையும் சமயோசிதத்தையும் நம்பி வாழ்வது. இவற்றை எல்லாம் ஒன்றுசேர்ப்பது வயிறு என்று நினைக்கிறேன். பலத்தால் சாப்பாட்டைப் பெற முடியாத பிராணி, கண்ணியாலோ வாயாலோ காலாலோ பெறுகிறது. வேட்டையாடிப் பிழைத்த மனிதன் தானும் அந்த வகைதான் என்று அறிந்திருந்தான். புலியைப் பார்த்து அவன் பயந்தான். நரியைப் பார்த்தால் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்திருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு, அது பங்கீடு பற்றியது. பல கடவுள்கள் இருந்தால் எல்லைகள் இருக்கும். எல்லைகள் இருந்தால் கடந்து போய்வர ஒரு ஆள் வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மக்களிடம் ஏஷு அந்த ஆள். மனிதர் தரும் பலியை மற்றத் தெய்வங்களிடம் கொண்டுசேர்ப்பவன் அவன், ஆகவே முதல் பங்கு அவனுக்கு. கொடுக்காவிட்டால் காணிக்கை போய்ச் சேராது, வழியில் கலகம் மூளும். எந்தக் காரியமானாலும் முதலில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே கடவுள், அவர் முழுக்க நல்லவர் என்ற சமயத்தில் இப்படிப்பட்ட நடுவாளுக்கு இடம் இல்லை. அவன் எதிராளி ஆகிவிடுவான். 19ஆம் நூற்றாண்டில் பைபிளை யொருபா மொழிக்குக் கொண்டுபோனபோது சாத்தான் என்பதற்கு எடுத்த சொல் ஏஷு. இன்றும் அந்த மக்களில் பலருக்கு அந்தப் பெயர் அப்படித்தான் கேட்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘எத்தன்’ என்ற பொதுப்பெயர் நம் வசதிக்காக அறிஞர்கள் செய்த கூடை. ஹெர்மீஸும் ஏஷுவும் தெய்வங்கள். காக்கை உலகத்தைச் சீர்செய்தவன். தெனாலிராமன் போன்றவர்கள் அரசவையின் விகடகவிகள். தந்திரம் செய்தவனை எல்லாம் கூடையில் போட்டால் கிரேக்கக் காவிய நாயகன் ஒடிசியஸும் சகுனியும் உள்ளே வந்துவிடுவார்கள். நான் பார்க்கும் அடையாளம் ஒன்றுதான்: தந்திரம் அவன் மேலேயே திரும்பி விழுகிறதா? சகுனியின் சூதில் அவன் சிரிப்புக்கு இடமாவதில்லை. எத்தனோ சிரிப்புக்கு இடமாவான்.

அப்படித் திரும்பி விழுவதையே முழு நேர வேலையாக வைத்திருப்பவன், வட அமெரிக்காவின் ஹோ-சங்க் மக்களுடைய வக்ஜுங்காகா. இவனிடம் கெட்டிக்காரத்தனம் மிகக் குறைவு. மானிடவியலாளர் பால் ரேடின் இந்தக் கதைத்தொடரை 1956-இல் புத்தகமாக்கினார். அதில் இவன் ஓர் எருமையை வலக்கையால் அறுத்துக்கொண்டிருக்கும்போது இடக்கை வந்து இறைச்சியைப் பிடிக்கிறது. ‘விடு, அது என்னுடையது’ என்கிறது வலக்கை. இரண்டு கையும் அடித்துக்கொண்டு இடக்கை ரத்தக்களறி ஆகிறது. இன்னொரு நாள் வாத்துகளைக் கண்ணை மூடி ஆடச்சொல்லி ஒவ்வொன்றாகக் கழுத்தைத் திருகி, நெருப்பில் வைத்துவிட்டுத் தூங்கப்போகிறான். காவலுக்கு யார்? தன் பின்புறத்தையே காவல் வைக்கிறான். அது தன்னால் முடிந்த சத்தத்தை எழுப்பித்தான் பார்க்கிறது. நரிகளுக்கு அது பழகிப்போகிறது, வாத்தைத் தின்றுவிடுகின்றன. எழுந்தவன் காவலாளிக்குத் தண்டனை என்று கொள்ளிக்கட்டையால் அதைச் சுட்டுவிட்டுத் தானே கத்துகிறான்.

இதைச் சிறுபிள்ளைத்தனமான ஆபாசம் என்று ஒதுக்குபவர்கள் தொடக்கத்தைப் படிக்காதவர்கள். கதை தொடங்குவது ஒரு தலைவன் போருக்குப் புறப்படுவதில். அந்த மக்களின் வழக்கப்படி தலைவன் போருக்குப் போகக்கூடாது. போர் விருந்து வைத்தவன் கடைசியாகத்தான் எழ வேண்டும். இவன் முதலில் எழுந்துபோகிறான். போருக்கு முன் பெண்ணை அண்டக்கூடாது. தேடிப்போனால் பெண்ணோடு இருக்கிறான். கடைசியில் படகை உடைத்து, புனிதமான போர்ப்பொதியை மிதித்து எறிந்துவிட்டுத் தனியாக நடக்கிறான். கேட்டுக்கொண்டிருந்த ஒவ்வொருவருக்கும் எந்த விதி உடைகிறது என்று தெரியும், அதனால்தான் சிரிப்பு வந்தது. விதிகளை வரிசையாகச் சொன்னால் எந்தப் பிள்ளை கேட்கும்? ஒருவன் வரிசையாக மீறுவதைச் சொன்னால் கேட்கும். நம் தெருக்கூத்தில் துரியோதனன் வருவதற்கு முன்பே வந்து அவன் பெருமையை வாழ்த்தவும் வாரவும் செய்யும் கட்டியங்காரனுக்கும் இதில் கொஞ்சம் சாயல் உண்டு. அவன் அரசனோடும் பேசுவான், முன்வரிசையில் தூங்குபவனோடும் பேசுவான்.

ஹோ-சங்க் மக்கள் வக்ஜுங்காகாவின் கதைகளைக் கோடையில் சொல்ல மாட்டார்கள். பனிக்காலத்தில், பாம்புகள் மண்ணுக்கடியில் போன பிறகுதான் சொல்லலாம். அவை புனிதக் கதைகளின் வகையில் வருபவை. அத்தனை அசிங்கத்தையும் புனிதம் என்ற பெட்டியில் வைத்திருந்தார்கள்.

தொடரின் முடிவில் வயதான வக்ஜுங்காகாவுக்குத் தன்னைப் படைத்தவர் எதற்காக அனுப்பினார் என்பது திடீரென்று நினைவுக்கு வருகிறது. மிசிசிப்பி ஆற்றோடு கீழே நடந்து, மனிதர்களுக்குத் தொல்லையாக இருந்தவற்றை ஒவ்வொன்றாக அகற்றிக்கொண்டு போகிறான். மிசௌரி ஆறு வந்து கலக்கும் இடத்துக்கு அருகே ஒரு பாறையில் உட்கார்ந்து, கல் பானையில் சமைத்துக் கடைசிச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறான். பானை இருந்த தடமும், தட்டு இருந்த தடமும், அவன் உட்கார்ந்த தடமும் கல்லில் பதிந்திருப்பதாகச் சொல்வார்கள். பிறகு கடலுக்குள் இறங்கி, அங்கிருந்து மேலே போய்விட்டான்.